14-ம் நம்பர் டப்பாக்கள்

செங்கோட்டையில் சாரல் பிடித்திருந்த ஆடி மாதம் அது. வீட்டில் நான் காய்ச்சி விற்ற கற்றாழைக் கிரீமை வாங்கிய பக்கத்துத் தெருப் பெண் காலையில் போன் செய்தாள். "அக்கா, கிரீம் புளிச்ச வாடை அடிக்கு. மூடிக்குள்ள ரோஸ் கலர்ல புள்ளி புள்ளியா இருக்கு." சாயங்காலம் ஆரியங்காவிலிருந்து இன்னொரு போன். போட்ட ஐந்தே நிமிஷத்தில் கன்னம் எரிகிறதாம். இரண்டு பேரிடமும் டப்பாவின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். இருவரும் 14 என்றார்கள், அதாவது பதினான்காவது தடவை காய்ச்சியது.

ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால், ஈரக் கையை விட்டிருப்பார் என்று நினைத்திருப்பேன். ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் ஒரு டப்பாவைத் திறக்காமல் எடுத்துவைப்பது என் வழக்கம். அதைத் திறந்தேன், அதே புளிப்பு வாடை. நோட்டைப் புரட்டினால் கற்றாழைச் சோறு, எண்ணெய், மெழுகு, கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட் எல்லாம் கிராம் கணக்கில் இருந்தன. புளிப்பை அளக்கும் பி.எச். எழுதும் கட்டம் மட்டும் காலி. சிட்ரிக் அமிலம் விட மறந்திருக்கிறேன். பி.எச். 5-க்குக் கீழே இறங்கினால்தான் பென்சோயேட் சரியாக வேலை செய்யும். மற்ற எல்லாத் தடவைக்கும் 4.5 என்றுதான் எழுதியிருக்கிறது. மீதியிருந்த அந்தக் கிரீமில் பி.எச். காகிதத்தை வைத்தேன், 6 காட்டியது. தண்ணீரும் கற்றாழையும் உள்ள கிரீமில் கிருமி வளர அது போதும்.

மொத்தம் 36 டப்பா. வீட்டில் இருந்தவை, மாதிரியோடு சேர்த்து, 6. தெரிந்தவர்கள் வாங்கியவை 18. ஆரியங்காவு ஃபேன்சி கடைக்குக் கொடுத்தவை 12. பதினெட்டு பேருக்கும் அன்று இரவே நானே போன் செய்தேன், மெசேஜ் மட்டும் போட்டால் பலர் பார்க்கமாட்டார்கள். காரணம் விளக்குவதற்கு முன் மூன்று விஷயம் சொன்னேன்: இனிப் போடாதீர்கள், போட்ட இடத்தைத் தண்ணீரில் கழுவுங்கள், டப்பாவைக் கொட்டிவிடாமல் வையுங்கள். கண் பக்கம் வீங்கினாலோ கொப்புளம் வந்தாலோ டப்பாவோடு டாக்டரிடம் போகச் சொன்னேன். காலி டப்பாவுக்கும் முழுப்பணம் கொடுத்தேன். இதில் பேரம் பேசினால் மிச்சத்தை ஒளித்துவைத்துப் பூசுவார்கள். "வாசம்தானே, பரவாயில்லை" என்ற ஒரு பெரியம்மாவிடம், வாடையே வராமலும் கிருமி இருக்கும் என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

கன்னம் எரிந்த சேச்சியை மறுநாள் நேரில் போய்ப் பார்த்தேன். சிவப்பு அடங்கியிருந்தது. தோல் வெடித்த இடத்தில் பூசியிருக்கிறார். உடனே எரிந்ததால் இது எரிச்சல்தான் என்று நினைத்தேன், ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அரிப்பு எடுக்கும். ஆனாலும் முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர் என்பதால் கூடவே போனேன், செலவும் என்னுடையது.

கடையில் 5 மீதி இருந்தன. விற்ற ஏழில் நான்கு பேரைக் கடைக்காரர் நினைவு வைத்திருந்தார். மற்ற மூவருக்காகத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டினோம். அதைப் பார்த்து ஒருவர் வந்தார். திரும்பி வந்தவற்றை நோட்டில் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, வழித்துக் குப்பையில் போட்டேன்.

விற்பதற்குச் செய்ய லைசென்ஸ் வேண்டும். அது கையில் வரும்வரை அடுப்பேற்றுவதில்லை என்று நிறுத்திவைத்திருக்கிறேன். அந்த இரண்டு டப்பா இன்னும் வரவில்லை. தாள் கடையில் ஒட்டியபடியே இருக்கிறது.