நீளத் தொடைக்கு எந்த ஸ்குவாட்?

என் உயரம் 6 அடி 2 அங்குலம், அதில் தொடைக்கே பெரிய பங்கு. ஈரோட்டில் நான் போகும் ஜிம்மில் முதுகில் பாரை வைத்து உட்கார்ந்தால், தொடை தரைக்கு இணையாகும் முன்பே குதிகால் தூக்கிவிடும். குதிகாலை அழுத்திப் பிடித்தால் நெஞ்சு முழங்காலைப் பார்த்துக் குப்புறச் சாயும்.

பாரின் எடை பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே இருந்தாக வேண்டும். தொடை நீண்டால் இடுப்பு அதிகமாகப் பின்னால் போகும், அதை ஈடுகட்ட உடம்பு முன்னால் குனியும். இது எலும்பின் கணக்கு. இடுப்பை எவ்வளவு நீட்டி மடக்கினாலும் மாறாது.

அங்கே பயிற்சி கொடுக்கும் அண்ணன், "தூணைப் பிடிச்சுட்டு உக்காருங்க தம்பி, இடுப்பு வருதான்னு பாத்துக்கலாம்" என்றார். பிடித்துக்கொண்டு அடி வரைக்கும் போக முடிந்தது, முதுகும் வளையவில்லை. ஆக இடுப்பில் தடை இல்லை. அடுத்து, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொன்னார். கால் கட்டைவிரலுக்கும் சுவருக்கும் 10 செ.மீ. இடைவெளி வந்தால் தேவலை. எனக்கு 6 தான் வந்தது. நீளத் தொடையோடு இறுகிய கணுக்காலும் சேர்ந்துகொண்டதுதான் சிக்கல்.

முதலில் நிற்கும் அகலத்தை மாற்றினோம். குதிகால்களைத் தோளகலத்தைவிடச் சற்று அகற்றி, பாதத்தை 30 டிகிரி போல வெளியே திருப்பினேன். தொடை பக்கவாட்டில் விரிவதால், முன்பின்னாக அது எடுக்கும் நீளம் குறைகிறது. இடுப்பும் அவ்வளவு பின்னால் போக வேண்டியதில்லை. இன்னும் அகலம் வைத்துப் பார்த்தபோது தொடை இடுக்கின் முன்பக்கம் கிள்ளியது, எழும்போது முழங்கால் உள்ளே சரிந்தது. அகலம் மிஞ்சிவிட்டதற்கு அதுதான் அடையாளம். உள்ளே வந்து, முழங்கால் பாதவிரல் திசையிலேயே போகும் இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் மரப்பட்டறையில் 2 செ.மீ. தடிமனில் ஒரு பலகை அறுத்து வாங்கினேன். இரண்டு குதிகாலும் முழுதாக ஏறி நிற்கும் அகலம் இருக்க வேண்டும், ஆடக் கூடாது. குதிகால் உயர்ந்தால் கணுக்காலுக்கு இடம் கிடைக்கும், முழங்கால் முன்னால் போகும். முழங்காலுக்கு வேலை கூடும் என்பதால் எடையைக் குறைத்தே தொடங்கினேன்.

பலகை மேல் நின்று நெஞ்சோடு ஒரு டம்பெல்லைப் பிடித்து கோப்ளெட் ஸ்குவாட். முன்னால் இருக்கும் எடை சமன் செய்வதால் பின்னால் விழும் பயம் இல்லை. அது பழகியதும், பாரைத் தோளின் முன்பக்கம் வைத்து உட்காரும் ஃப்ரன்ட் ஸ்குவாட்டுக்கு மாறினேன். மணிக்கட்டு மடங்காததால் கைகளைக் குறுக்கே கட்டிக்கொள்கிறேன். பாரை முதுகில் இறக்கி வைக்கும் லோ பாரில் அதிக எடை தூக்கலாம், ஆனால் குனிவும் கூடும். எனக்கு இப்போது ஆழம்தான் முக்கியம் என்பதால் அதை எடுக்கவில்லை.

போனை இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் வைத்து எடுத்துப் பார்க்கிறேன். இடுப்பு மடிப்பு முழங்காலின் மேல்பகுதிக்குக் கீழே போகிறது. உடம்பு இன்னும் கொஞ்சம் குனியத்தான் செய்கிறது. என் தொடைக்கு அது இருக்கும். எழும்போது இடுப்பு மட்டும் முந்திக்கொண்டு உயர்ந்தால்தான் எடையைக் குறைக்கிறேன்.