அர்தாஸ் நேரம்

தில்லி பங்களா சாகிப் குருத்வாராவில் இன்று சீக்கியர்களின் கூட்டு வேண்டுதலான அர்தாஸ் தொடங்கியதும், பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு முதியவர் எழுந்தார்.

அரசவையில் மனு கொடுப்பவரைப் போல, புனித நூலான குரு கிரந்த சாகிப் முன் எல்லோரும் கைகூப்பி நிற்கிறார்கள்.

தொடக்க வரிகள் குரு கோவிந்த் சிங் எழுதியவை. கடவுளையும், நானக் முதல் தேக் பகதூர் வரை ஒன்பது குருக்களையும் அவை நினைக்கின்றன. பத்தாமவராகிய அவருடைய பெயரைப் பின்வந்தவர்கள்தான் சேர்த்தார்கள்.

அடுத்து தியாகிகள். அங்கம் அங்கமாக வெட்டப்பட்டவர்கள், ரம்பத்தால் அறுக்கப்பட்டவர்கள். ஒவ்வொரு நினைவுக்கும் சபை ‘வாகேகுரு’ என்று கடவுளின் பெயரைச் சொல்கிறது.

அதன் பிறகே கோரிக்கைகள். வீட்டுத் திருமணம், நோய் எல்லாம் இங்கேதான் இடம்பெறும்.

கடைசி வரி: ‘தேரே பாணே சர்பத் தா பலா’. உன் விருப்பப்படி எல்லோருக்கும் நலம். இத்தனை கொடுமைகளைச் சொல்லிவிட்டுக் கேட்கும் அந்த ‘எல்லோரும்’ என்பதில் அறுத்தவனின் வம்சமும் உண்டு.