அண்ணன் கேட்ட அளவுகள்

பிப்ரவரி 9

லீவில் ஊருக்கு வந்தவரிடம் அண்ணன் கடிதம் கொடுத்தனுப்பியிருக்கிறான். குவைத் ரூமைக் காலி செய்கிறானாம். வார்ட்ரோப், சோபா, கட்டில் மூன்றையும் கப்பலில் போடுமுன் வீட்டை அளந்து சொல்ல வேண்டும். "கதவை அளக்காதே, கதவைத் திறந்து வைத்தபின் மிஞ்சுகிற வழியை அள" என்று அடிக்கோடு வேறு. கட்டில் மட்டும் சிங்கிள். அண்ணியைப் பற்றி ஒரு வரி இல்லை.

பிப்ரவரி 10

எதற்கு டேப் என்று அம்மா கேட்டாள். வெள்ளையடிக்க என்றேன்.

பிப்ரவரி 12

அறை நிலைக்குள் 32 அங்குலம். ஆனால் கதவுக்குப் பின்னால் சுவர் இருப்பதால் முழுக்க மடங்காது, நேராகத்தான் நிற்கும். கதவின் கனம் ஒன்றரை போக வழி முப்பதரை, அதாவது 77 சென்டிமீட்டர். ரேழியை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்தேன், மூன்றும் வேறு வேறு. தாத்தா காலத்துச் சுவர்! குறைந்ததைத்தான் எழுதிக்கொண்டேன்: 91.

வார்ட்ரோப் உயரம் 200, அகலம் 150, ஆழம் 60. அறுபது எழுபத்தேழுக்குள் போகும், சரிதானே? அண்ணனும் அப்படித்தான் நினைக்கிறான். ஆனால் ரேழியிலிருந்து அறைக்குள் திரும்ப வேண்டுமே.

பிப்ரவரி 13

பழைய பேப்பர்களை ஒட்டி 200க்கு 60 என்று வெட்டி, தரையில் போட்டுத் திருப்பிப் பார்த்தேன். மூக்கு அறைக்குள் கொஞ்சம் போனதுமே ஒரு பக்கம் நிலையில் இடிக்கிறது, வால் எதிர்ச்சுவரில் மாட்டிக்கொள்கிறது. நிமிர்த்தியே கொண்டு போனால்? 150 ஆக மடித்தேன், அதுவும் திரும்பவில்லை. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அவனுக்கு சிங்கிள் கட்டில் எதற்கு?

பிப்ரவரி 15

ஆசாரி வந்தார். கழற்றினால் பலகை பலகையாக உள்ளே போய்விடும் என்றார். ஆனால் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால், கழற்றி மறுபடி முடுக்கும்போது திருகு பிடிக்காது, ஓட்டை உதிர்ந்துவிடுமாம். கதவு கொஞ்ச நாளில் தொங்கும். "தேக்கா, தூளா, கேளுங்கம்மா."

பிப்ரவரி 16

தூள்தான்.

அப்புறம் இன்னொன்று. வார்ட்ரோப் நிற்க வேண்டிய இடத்தில் பரண், தரையிலிருந்து 203. நின்றால் 200, இடம் இருக்கிறது. ஆனால் படுக்க வைத்ததைத் தூக்கி நிறுத்தும்போது மூலைக்கு மூலை கிட்டத்தட்ட 209 வரும், பரணில் முட்டும். அறை நடுவில் நிறுத்தி உள்ளே தள்ளலாம். அதுவும் உள்ளே வந்தால்தானே.

அண்ணிக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 19

வார்ட்ரோபை அங்கேயே விற்றுவிட்டானாம். சோபா முதுகு உயரம் 33 அங்குலம், காலைக் கழற்றினால் 29, எப்படியும் வந்துவிடும். கட்டிலைப் பற்றி நானாகக் கேட்டேன். "அது எங்கேயும் நுழையும்" என்று பதில். கூடத்தின் நீளத்தை மட்டும் இன்னொரு தடவை அளக்கச் சொல்கிறான். வியாழக்கிழமை பேக்கிங்.