வத்தத்து மணலில் போட்ட கட்டம்

கீழக்கரையில் படித்த எங்கள் செட்டுக்கு ஃபுட்பால் என்றால் கடற்கரைதான். பள்ளி மைதானம் பெரிய பையன்களுக்கு. எங்களுக்கு மாலையில் கடல் வத்தும்போது கிடைக்கும் ஈரமணல், அதுவும் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிகம். காய்ந்த மணலில் பந்து உருளாது, ஈரமணலில் ஓரளவு ஓடும்.

மூத்தவர்களை, அண்ணன் என்பதுபோல, நாங்கள் காக்கா என்போம். லீவில் ஊருக்கு வந்த ஒரு காக்கா அங்கேதான் எங்களுக்கு ரோண்டோ சொல்லிக்கொடுத்தார், சுற்றி நிற்பவர்கள் பந்தைக் கைமாற்ற, நடுவில் நிற்பவர்கள் அதைப் பறிக்கப் பார்க்கும் பயிற்சி. அந்தப் பெயரெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது, 'கட்டம்' என்போம். 1970களில் பார்சிலோனா கிளப்பின் சிறுவர் அணிகளுக்கு லாவுரியானோ ரூயிஸ் பழக்கியதும், 1988இல் பயிற்சியாளராக வந்த யோஹான் கிரைஃப் அன்றாடப் பயிற்சியாக வைத்திருந்ததும் இதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

காக்கா குதிகாலால் பத்தடிக்குப் பத்தடி என்று சதுரம் கிழிப்பார். அடி என்றால் எட்டி வைக்கும் அடி, அளவுகோல் அடி இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு ஆள், நடுவில் இரண்டு பேர். கடல் பக்கம், படகுப் பக்கம், பனைமரப் பக்கம், பள்ளிவாசல் பக்கம் என்று நாலு பேருக்கும் பக்கத்தை வைத்தே பெயர். வெளியே நிற்கிறவனுக்கு இரண்டு டச்தான், அதற்குள் பந்து அடுத்தவனிடம் போயாக வேண்டும். எவன் தவறால் பந்து போனதோ அவன் உள்ளே வர வேண்டும். பந்தைத் தவற விட்டவன் ஒருவனாக இருந்தாலும், தப்பான காலுக்குக் கொடுத்தவன் வேறொருவன் என்றால் கொடுத்தவனைத்தான் காக்கா உள்ளே அனுப்புவார்.

முதல் வாரம் பந்து வட்டமாகவே சுற்றியது, பக்கத்தில் இருப்பவனுக்கு, அவன் தன் பக்கத்தில் இருப்பவனுக்கு. அது வேலைக்கு ஆகாது என்றார் காக்கா. ஒரு நாள் ஆட்டத்தை நிறுத்தி, ஒரே ஒரு பாஸை எடுத்து மெதுவாக நடத்திக் காட்டினார். கடல் பக்கத்திலிருந்து படகுப் பக்கம் நிற்கும் எனக்குப் பந்து வருகிறது. கடல் என் வலக்கைப் பக்கம். நான் வலது காலால் பந்தை நிறுத்தினால் உடம்பு கடலைப் பார்த்தே திரும்பியிருக்கும், வந்த வழியே திருப்பித்தான் கொடுக்க முடியும். அதே பந்தை இடது காலுக்கு ஓட விட்டு வாங்கினால் எதிரே பள்ளிவாசல் பக்கமும் இடப்பக்கம் பனைமரமும் ஒரே பார்வையில் தெரிகிறது. பந்து வருவதற்கு முன்னாலேயே ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்திருக்கவும் வேண்டும், வந்த பிறகு பார்த்தால் நேரம் போய்விட்டது.

அந்த நொடியில் மற்ற மூவரும் சும்மா நிற்கக் கூடாது. பனைமரத்துப் பையன் தன் கோட்டிலேயே என் பக்கமாக இரண்டடி வருகிறான். கடல் பக்கத்தவன் தடுக்கிறவனின் முதுகுக்குப் பின்னால் மறையாமல் தள்ளி நிற்கிறான். எதிரே உள்ளவன் நடுவில் இருக்கும் இருவருக்கும் இடையில் என் கண்ணில் படும்படி நகர்கிறான். உள்ளே இருக்கும் இரண்டாவது ஆள் பனைமரத்தை நோக்கிச் சாய்ந்தால் நடுவில் வழி திறக்கிறது, அந்தச் சந்தில் போகும் பாஸுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

உள்ளே இருந்த இருவருக்கும் அதே அளவு பாடம் உண்டு. முதல் ஆள் என் மேல் நேராகப் பாயக் கூடாது, கடல் பக்கத்து வழியை அடைத்தபடி வளைந்து வர வேண்டும். அப்போது எனக்குப் பனைமரம் ஒன்றுதான் சுலபமான வழியாகத் தெரியும். இரண்டாமவன் நடுச்சந்தைக் காத்துக்கொண்டு, பந்து பனைமரத்துக்குக் கிளம்பியதும் பாய்வான். இருவரும் ஒரே சமயத்தில் பந்தைத் துரத்தினார்கள் என்றால் பின்னால் சந்து அகலமாகக் கிடக்கும். "ரெண்டு பேரும் ஒரு கயித்துல கட்டின மாதிரி நகருங்கடா தம்பி" என்பார் காக்கா.

கடைசியில் ஒரு விதி சேர்த்தார். உள்ளே இருப்பவர்கள் பந்தைப் பறித்ததும் ஆட்டம் நிற்காது. அவர்கள் பந்தைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோவதற்குள், காக்கா ஐந்து எண்ணி முடிப்பதற்குள், நாங்கள் நால்வரும் திரும்பப் பிடுங்க வேண்டும். தலையில் கைவைத்து நின்றால் எண்ணிக்கை ஓடிவிடும். பக்கத்தில் இருப்பவன் உடனே நெருக்க, மற்ற மூவரும் உள்ளே சுருங்குவார்கள். நாங்கள் ஏற்கெனவே நெருங்கி நின்றதால்தான் அது முடிந்தது, அந்த இரண்டடி நகர்தலின் அருமை அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதில் கோல் பக்கம் என்று ஒன்று கிடையாது. அதனால் முன்னேறுவதையும் கோல் அடிப்பதையும் இது கற்றுத்தராது, அவற்றுக்குத் தனியாகப் பயிற்சி வைத்தே ஆக வேண்டும்.

இப்போது துபாயில் ஞாயிறு காலைகளில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதையே வைக்கிறேன். டர்ஃபில் பந்து வேகமாக ஓடுகிறது, மணலுக்குப் போட்ட பத்தடி இங்கே தாராளம், எட்டடி போதும். ஐந்தாறு பாஸ்கூடச் சேரவில்லை என்றால் ஒரு அடி கூட்டுகிறேன், அல்லது உள்ளே ஒரு ஆளைக் குறைக்கிறேன். இருபதைத் தாண்டியும் சளைக்காமல் போனால் ஒரு அடி குறைத்து, ஒரே டச் என்று மாற்றிவிடுகிறேன்.