37 மெயில், 7 வரி

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி. இலை வாட்டும் ட்ரஃப்பில் 3 ஃபேன் மோட்டார் நின்றுபோய், பழுதுபார்க்கக் கோயம்புத்தூர் பட்டறைக்குப் போனது பற்றி அக்டோபர் 28 முதல் நவம்பர் 15 வரை 37 மெயில். நடுவில் மேனேஜர் மாறினார். 16ஆம் தேதி காலை புதியவர் சொன்னது: “பதினொரு மணிக்குக் கோயம்புத்தூர்ல இருந்து பேசுறாங்க. அதுக்குள்ள என்ன ஏதுன்னு எழுதிக் குடுங்க.”

கடைசி மெயிலைத் திறந்து அடியில் தொங்குவதை மட்டும் படித்தால் கோட்டைவிடுவோம். யாராவது நடுவிலுள்ள மெயிலுக்குப் பதில் போட்டால், அது கிளையாகப் பிரிந்துவிடும். கடைசி மெயிலின் வாலில் வராது. ஸ்டோர்காரர் நவம்பர் 3இல் 14ஆவது மெயிலுக்குப் போட்ட பதில் அப்படித்தான் கிடந்தது: “ஒண்ணுல பேரிங் மட்டும்தான் போயிருக்கு, காயில் நல்லாருக்கு.” அதற்குப் பின்னும் எல்லாரும் மூன்றுக்கும் காயில் கட்டுவதாகவே விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் பழையதிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் மேலே வர வேண்டும்.

ரிப்ளை போட்டால் பழைய இணைப்பு கூடவே வராது என்பது அடுத்த தொல்லை. குறைத்த கொட்டேஷன் 22ஆவது மெயிலில் மட்டுமே இருந்தது. பின்னால் வந்தவர்கள் ஒரு மோட்டாருக்குப் பழைய 9,500 ரூபாயையே எழுதினார்கள், புதியது 8,800.

அதிக நேரம் தின்றது ஒரு ‘ஓகே’. “ரேட் குறைச்சிருக்காங்க, நாளைக்கு வண்டி அனுப்பலாமா?” என்று கேட்டதற்கு அக்கவுண்ட்ஸ் போட்ட பதில் அது. வண்டிக்கா, விலைக்கா? நாமாக ‘விலை ஒப்புதல்’ என்று எழுதிவிடக் கூடாது. 15ஆம் தேதி மாலை கோயம்புத்தூர்காரர் எழுதிய ‘நாளைக்கு ஆரம்பிக்கிறோம்’ இன்னும் ஆபத்து. 16இல் படிப்பவர் 17 என்று நினைப்பார். தேதியாக மாற்றித்தான் எழுத வேண்டும்.

பர்லியாறில் மண் சரிந்து வண்டி கோத்தகிரி வழியாகப் போனதற்கே 9 மெயில். சுவாரசியம்தான், ஆனால் முடிந்துபோன கதை; அரை வரி போதும்.

போனது இது:

“இன்று நீங்கள் முடிவு சொல்ல வேண்டியது: 2 மோட்டாருக்குக் காயில் (8,800 வீதம் 17,600), 1க்கு பேரிங் மட்டும். சரியா?
அவசரம்: இன்று, 16ஆம் தேதி, மூன்றுக்கும் காயில் வேலை தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.
கொட்டேஷன்: மூன்றுக்கும் 26,400. இணைத்துள்ளேன்.
பேரிங் விலை: இதுவரை யாரும் கேட்கவில்லை.
ஒப்புதல்: 8ஆம் தேதி அக்கவுண்ட்ஸ் ‘ஓகே’ வண்டிக்கு என்றே நினைக்கிறேன், விலைக்கு எழுத்தில் இல்லை.
மோட்டார்கள்: 9ஆம் தேதி கோத்தகிரி வழியாகப் போய்ச் சேர்ந்தன.
ஆதாரம்: ஸ்டோர் 3/11, கொட்டேஷன் 7/11, அவர்கள் மெயில் 15/11.”

இதைப் பழைய தொடரில் ரிப்ளையாக அனுப்பவில்லை. மேனேஜருக்கு மட்டும் புது மெயில். அந்தத் தொடரின் சிசியில் கோயம்புத்தூர்காரரும் இருந்தார்.