சித்தி வீதம் 40 இலிருந்து 50 ஆனால் அதிகரிப்பு பத்தா, இருபத்தைந்தா?

திறந்த போட்டிப் பரீட்சையின் நுண்ணறிவு வினாத்தாள் ஒருவழியாக முடிந்துவிட்டது. விண்ணப்பமும் அனுமதி அட்டையும் தொல்லை தரவில்லை. எண் தொடர், உருவங்கள் எல்லாம் பயிற்சி செய்த மாதிரியே வந்தன. மனதில் இன்னும் உறுத்திக்கொண்டிருப்பது வரைபு வினாக்களில் வரும் ஒரே ஒரு பொறிதான். யாழ்ப்பாணத்தில் இதே பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துகிறவர்கள் பலர் அதில் மாட்டுப்படுவதால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

பயிற்சித்தாளில் வந்த வினா இது. ஒரு பாடசாலையின் கணிதபாடச் சித்தி வீதம் சலாகை வரைபில் தரப்பட்டிருக்கிறது. முதலாம் ஆண்டு 40%, இரண்டாம் ஆண்டு 50%. “சித்தி வீதம் எத்தனை சதவீதத்தால் அதிகரித்துள்ளது?” தெரிவுகள் 10%, 20%, 25%, 100%. வகுப்பில் தந்த விடைத்தாளில் 10% என்று இருந்தது. 25% என்று எழுதியவர்களுக்குப் பிழை போடப்பட்டது. கேட்டபோது, “ஐம்பதில நாற்பதைக் கழிச்சா பத்துத்தானே பிள்ளை, இதில யோசிக்க என்ன இருக்கு?” என்றார் சேர். அதற்குப் பிறகு இரண்டு கிழமையாக வகுப்பு முழுக்க எல்லா வரைபுக்கும் கழித்தே விடை எழுதியது. அந்த இரண்டு கிழமையை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

கழித்து வரும் பத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது: சதவீதப் புள்ளி. 40 என்ற படியிலிருந்து 50 என்ற படிக்கு ஏறிய தூரம் அது. சதவீத அதிகரிப்பு கேட்பது வேறு. ஏறிய பத்து, முன்பு இருந்த நாற்பதில் எவ்வளவு பங்கு? பத்தை நாற்பதால் வகுத்தால் கால் பங்கு, அதாவது 25%.

இதை வாயால் விளங்கப்படுத்திச் சரிவரவில்லை. தலைகளை எண்ணிக் காட்டிய பிறகுதான் சேர் ஏற்றுக்கொண்டார். இரண்டு ஆண்டும் 200 பேர் தோற்றினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சித்தியடைந்தவர்கள் 80 பேர், பிறகு 100 பேர். கூடியவர்கள் 20 பேர். அந்த இருபதைத் தோற்றிய 200 பேரோடு ஒப்பிட்டால் பத்து, அது புள்ளி. அதே இருபதை முன்பு சித்தியடைந்த 80 பேரோடு ஒப்பிட்டால் இருபத்தைந்து. அது சதவீத அதிகரிப்பு. கூடிய ஆட்கள் அதே இருபது பேர்தான், கீழே போடும் எண்தான் மாறுகிறது. அடுத்த வகுப்பில் விடைத்தாளில் பத்தை வெட்டிவிட்டு 25 என்று எழுதித் தந்தார்.

மற்ற இரண்டு தெரிவுகளும் சும்மா போட்டவை அல்ல. 20% என்பது, வித்தியாசத்தைப் பழைய நாற்பதால் வகுக்காமல் புதிய ஐம்பதால் வகுப்பவர்களுக்காக வைத்தது. சித்தி வீதம் 50 இலிருந்து 40 ஆக இறங்கியிருந்தால் அதுவே சரியான விடையாகியிருக்கும். ஏறும்போது 25, அதே வழியால் இறங்கும்போது 20. தொடங்கிய இடம் வேறு என்பதுதான் காரணம்.

100% எங்கிருந்து வந்தது என்று பிடிபட எனக்கு அதிக நேரம் எடுத்தது. அந்த வரைபின் நிலைக்குத்து அச்சு பூச்சியத்தில் தொடங்கவில்லை, 30 இல் தொடங்கியது. முதலாவது சலாகை 30 இலிருந்து 40 வரை, இரண்டாவது 30 இலிருந்து 50 வரை. கண்ணுக்கு இரண்டாவது சலாகை முதலாவதைப்போல இரண்டு மடங்கு உயரம். உயரத்தைப் பார்த்தே விடை எழுதினால் இரட்டிப்பு என்று தோன்றும். ஆகவே சலாகையைப் பார்க்க முன்னர் அச்சின் அடி எண்ணைப் பாருங்கள். அது பூச்சியம் இல்லையென்றால் உயரங்களை ஒப்பிடவே வேண்டாம், எண்களை மட்டும் எடுங்கள்.

இன்னொரு இடமும் வழுக்கும். “சித்தியடைந்தோரின் எண்ணிக்கை எத்தனை சதவீதத்தால் கூடியது?” என்று கேட்டால் வீதங்கள் மட்டும் போதாது. முதலாம் ஆண்டு 200 பேரும் இரண்டாம் ஆண்டு 180 பேரும் தோற்றியிருந்தால், சித்தியடைந்தவர்கள் 80 பேரிலிருந்து 90 பேராகிறார்கள். கூடியது 12.5% மட்டுமே. தோற்றியோர் தொகை தரப்படவில்லை என்றால், தெரிவுகளில் “தரவு போதாது” என்று இருக்கிறதா எனத் தேடுங்கள். அதுதான் விடை.

பரீட்சையில் வந்தது இதைவிட நுட்பமானது. மாணவிகளின் சித்தி வீதம் 60% இலிருந்து 72% ஆகவும், மாணவர்களின் சித்தி வீதம் 30% இலிருந்து 39% ஆகவும் உயர்ந்திருந்தன. கூடிய சதவீத அதிகரிப்பைக் காட்டியவர்கள் யார் என்பதுதான் வினா. கண் உடனே மாணவிகளிடம் போகும், ஏனென்றால் அவர்களின் சலாகை 12 புள்ளி ஏறியிருக்கிறது, மாணவர்களுடையது ஒன்பதுதான். ஆனால் அறுபதில் பன்னிரண்டு ஐந்தில் ஒரு பங்கு, 20%. முப்பதில் ஒன்பது 30%. விடை மாணவர்கள். புள்ளியால் கேட்டிருந்தால் மாணவிகள். கணிகருவி தேவைப்படவில்லை, பழைய எண்ணைக் கீழே போட்டு ஒரு பின்னம் எழுதினாலே போதும். அந்த வினாவைச் செய்து முடித்தபோது வந்த நிம்மதிக்காக அந்த இரண்டு கிழமையையும் மன்னிக்கலாம்.

வினாத்தாளுக்கு வெளியே இது எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் எங்கள் வற் வரியையே எடுங்கள். 2024 ஜனவரி 1 முதல் அது 15% இலிருந்து 18% ஆனது. கூடியது 3 சதவீதப் புள்ளி. வரி வீதம் என்ற அளவில் அது 20% அதிகரிப்பு, ஏனென்றால் பதினைந்தில் மூன்று ஐந்தில் ஒரு பங்கு. வரிக்கு முன் 1000 ரூபாயான, வற் அறவிடப்படும் ஒரு பொருளுக்கு முன்பு 1150 ரூபாய் கொடுத்தவர், கடைக்காரர் வேறெதையும் மாற்றாவிட்டால், இப்போது 1180 ரூபாய் கொடுக்கிறார். அவருடைய செலவு கூடியது ஏறத்தாழ 2.6%. மூன்று, இருபது, இரண்டரைக்குச் சற்று மேல்: மூன்றும் உண்மை. எதன்மேல் கணக்கிட்டது என்று சொல்லாமல் எண்ணை மட்டும் போடும் தலைப்பை நம்பி விடை எழுத முடியாது.

கடைசியாக, வினாவின் சொல் எப்போதும் துல்லியமாக இருக்காது. “சதவீதப் புள்ளிகளால்” என்று இருந்தால் கழியுங்கள், “எத்தனை சதவீதத்தால்” என்று இருந்தால் பழைய எண்ணால் வகுங்கள். ஆனால் வகுத்து வந்த விடை தெரிவுகளில் இல்லாமல், கழித்து வந்த எண் மட்டும் இருக்கும் தாள்களும் உண்டு. அங்கே வினா தயாரித்தவர் புள்ளியைத்தான் நினைத்திருக்கிறார். அதைத் தெரிவுசெய்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போங்கள். இரண்டு எண்களும் தெரிவுகளில் இருந்தால் வகுத்து வந்ததையே எழுதுங்கள்.