பல நாட்டு அட்டவணையில் நாளும் மாதமும் இடம் மாறினால் எப்படிச் சரிசெய்வது

பல நாடுகளிலிருந்து வரும் பயிற்சி வகுப்பு அட்டவணைகளை ஒரே தாளில் சேர்க்கும்போது நாங்கள் பின்பற்றும் வரிசை இது. இந்த வேலையில் வரும் பிழைகளில் மோசமானது, பார்ப்பதற்குச் சரியாகவே தெரியும் தேதி. 31/02 என்று இருந்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். 03/04/2026 யார் கண்ணையும் உறுத்தாது. அது ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம், அமெரிக்க முறையில் மார்ச் 4 ஆகவும் இருக்கலாம்.

நாள் எண் 12-ஐத் தாண்டாத தேதிகள் ஓர் ஆண்டில் 144. அவற்றில் 01/01, 02/02 போல இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கும் 12-ஐக் கழித்தால், 132 தேதிகளை இரண்டு விதமாகப் படிக்கலாம். மற்ற தேதிகளில் நாள் எண்ணே எது நாள், எது மாதம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கெடுதல் பெரும்பாலும் எக்செலில் கோப்பைத் திறக்கும் நொடியிலேயே நடந்துவிடுகிறது. நாள்/மாதம்/ஆண்டு என்ற வரிசையில் எழுதிய ஒரு CSV கோப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் வகுப்புகள் நடக்கும் வரிசைப்படி நான்கு தேதிகள்: 03/04/2026, 17/04/2026, 09/05/2026, 28/05/2026. விண்டோஸின் Region அமைப்பு அமெரிக்காவுக்கு வைக்கப்பட்ட கணினியில் அதை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால், முதல் தேதி மார்ச் 4 ஆகிவிடும், மூன்றாவது செப்டம்பர் 5 ஆகிவிடும். 17-வது மாதமும் 28-வது மாதமும் இல்லாததால் மற்ற இரண்டையும் எக்செல் தேதியாகவே ஏற்காமல், வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே நெடுவரிசையில் பாதி தலைகீழ், பாதி அப்படியே. முழுவதும் தலைகீழாகியிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். பாதி சரியாக இருப்பதுதான் ஏமாற்றுகிறது.

இதை அடையாளம் காண்பது எளிது. நெடுவரிசையில் சீரமைப்பு எதுவும் கொடுக்காமல் பாருங்கள். தேதியாக மாறியவை வலப்பக்கம் ஒட்டியிருக்கும், எழுத்தாக நின்றவை இடப்பக்கம். வலப்பக்கம் உள்ளவற்றில் 12-க்கு மேல் நாள் எண் ஒன்றுகூட இல்லையென்றால், அந்தக் கோப்பு தவறான வரிசையில் படிக்கப்பட்டிருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம்.

அசல் கோப்பு கையில் இருந்தால் பழுதுபார்க்க வேண்டாம். Data பட்டியலில் உள்ள From Text/CSV வழியாக மறுபடி எடுத்து, தேதி நெடுவரிசையை எழுத்தாகவே (Text) கொண்டுவந்து, பிறகு மாற்றுங்கள். அசல் இல்லை, கெட்டுப்போன தாள் மட்டும்தான் இருக்கிறது என்றால், பக்கத்து நெடுவரிசையில் இதைப் போடலாம்:

```
=IF(ISNUMBER(A2),
  DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),
  DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

தேதியாக மாறியவற்றில் நாளையும் மாதத்தையும் இது மறுபடி இடம் மாற்றும். எழுத்தாக நின்றவற்றைத் துண்டுதுண்டாக எடுத்துத் தேதியாக்கும். இரண்டு நிபந்தனைகள் உண்டு. அந்த நெடுவரிசை முழுவதையும் ஒரே ஆள், ஒரே முறையில் எழுதியிருக்க வேண்டும். நாளும் மாதமும் இரண்டு இலக்கமாக இருக்க வேண்டும். 17/4/2026 என்று இருந்தால் #VALUE! என்று வரும். பிழை வெளியே தெரிவதால் அது நல்லதுதான், அந்த வரியைக் கையால் திருத்திவிடலாம். அமெரிக்க வரிசையில் எழுதியதை மற்ற அமைப்பில் திறந்து கெடுத்திருந்தால், மூன்றாவது வரியில் MID, LEFT இரண்டையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க வேண்டும்.

திருத்திய பிறகு கிழமையோடு ஒப்பிடுவோம். அனுப்பியவரின் மின்னஞ்சலிலோ சுற்றறிக்கையிலோ 'வெள்ளி' என்று இருந்தால் போதும். 2026-இல் ஏப்ரல் 3 வெள்ளிக்கிழமை, மார்ச் 4 புதன்கிழமை. எது சரி என்பதில் சந்தேகமே வராது. ஆனால் கிழமையை முழுக்க நம்பவும் கூடாது. மே 9, செப்டம்பர் 5 இரண்டும் எந்த ஆண்டிலும் ஒரே கிழமையில்தான் வரும். ஜூலை 11, நவம்பர் 7 ஜோடியும், மார்ச் 12, டிசம்பர் 3 ஜோடியும் அப்படியே. 2026 போன்ற சாதாரண ஆண்டில் ஜனவரி 7, ஜூலை 1 என இன்னும் சில சேரும். மொத்தம் 66 ஜோடிகளில் 6-ஐக் கிழமை காட்டிக்கொடுக்காது. நம் பட்டியலில் உள்ள 09/05 அந்த ஆறில் ஒன்று. அங்கே உதவுவது வரிசைதான்: அது ஏப்ரல் 17-க்கும் மே 28-க்கும் நடுவில் இருப்பதால் மே 9 ஆகத்தான் இருக்க முடியும். அதனால்தான் பழுதுபார்த்து முடியும்வரை தாளை Sort செய்யவே கூடாது என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். ஒருமுறை வரிசையைக் கலைத்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

இனி திருத்திய தாளை அனுப்பும் கட்டம். எக்செலின் தேதி வடிவங்களில் முன்னால் நட்சத்திரக் குறி போட்டவை, பார்ப்பவரின் கணினி அமைப்புக்கு ஏற்பத் தோற்றம் மாறும். உள்ளே தேதி சரியாகவே இருந்தாலும், ஒருவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் குழப்பம் மறுபடி தொடங்கும். Custom வடிவத்தில் yyyy-mm-dd என்று கொடுத்துவிடுங்கள். ISO 8601 தரத்தின் வரிசையும் இதுதான். ஆண்டு நான்கு இலக்கத்தில் முன்னால் நிற்கும்போது அடுத்து வருவது மாதம் என்றே எல்லோரும் படிக்கிறார்கள். மனிதர்கள் படிக்கும் கடிதத்தில் '3 ஏப்ரல் 2026, வெள்ளி' என்று மாதத்தைப் பெயரால் எழுதுவது இன்னும் நல்லது.

நேரத்தில் சிக்கல் வேறு விதம். IST என்பது இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்கும் வழங்குகிறது, CST சீனாவுக்கும் அமெரிக்காவின் நடுப்பகுதிக்கும். அதனால் எழுத்துச் சுருக்கத்தை விட்டுவிட்டு, ஊர்ப் பெயரையும் UTC-யிலிருந்து உள்ள வித்தியாசத்தையும் எழுதுகிறோம். அதிகம் கவனிக்க வேண்டியது மார்ச் மாதம். 2026-இல் அமெரிக்கா மார்ச் 8 அன்றே கோடை நேரத்துக்கு மாறுகிறது, பிரிட்டன் மார்ச் 29 அன்றுதான். வழக்கமாக 5 மணி நேரம் இருக்கும் லண்டன், நியூயார்க் வித்தியாசம் இடைப்பட்ட மூன்று வாரமும் 4 மணி நேரமாகிவிடும். அந்த வாரங்களில் ஒரு வகுப்பை இப்படி எழுதுவோம்:

```
2026-03-18 (Wed) 14:00 UTC
London    03-18 Wed 14:00 (+00:00)
New York  03-18 Wed 10:00 (-04:00)
India     03-18 Wed 19:30 (+05:30)
Sydney    03-19 Thu 01:00 (+11:00)
```

சிட்னிக்குத் தேதியே மாறிவிடுவதைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் தேதியும் கிழமையும் தனித்தனியாகப் போடுவது இதற்காகத்தான். இதே வகுப்பை யாராவது '9:00 EST' என்று எழுதினால், EST என்பது −05:00 என்பதால் கணக்கு ஒத்துவரும். ஆனால் நியூயார்க்கில் இருப்பவர் தன் கடிகாரத்தில் 9 மணிக்கு உட்கார்ந்து ஒரு மணி நேரம் காத்திருப்பார்.

வாரந்தோறும் நடப்பதற்கு UTC-யை அடிப்படையாக வைக்காதீர்கள். கோடை நேரம் மாறும்போது பலருக்கும் வகுப்பு ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். 'லண்டன் கடிகாரப்படி 14:00, மற்றவர்களுக்கு மாறலாம்' என்று ஓர் ஊரை அடிப்படையாக அறிவித்து, நாட்காட்டி அழைப்பில் Europe/London என்ற மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தால், மாற்றங்களை மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

கெடு நேரத்துக்கு 'வெள்ளி நள்ளிரவு' என்று எழுதினால், வெள்ளி தொடங்கும் நள்ளிரவா முடியும் நள்ளிரவா என்று தெரியாது, 12 a.m. என்றாலும் அதே கதைதான். 2026-04-03 (Fri) 23:59 UTC என்று எழுதினால் போதும்.